எண்பத்தைந்தா, எண்ணூற்று ஐம்பதா? க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து பணம் கட்டப் பெரியவர்களுக்கு ஒரு பாடம்

முதல் முறை இந்த வகுப்பை எடுத்தபோது ஸ்கேன் செய்வதை நன்றாகவே கற்றுக்கொடுத்துவிட்டேன். தவறு அங்கேதான் நடந்தது. கேமராவைக் காட்டியதும் கோடு பிடிபட்டு, போன் லேசாக அதிர்ந்து, அடுத்த திரை வந்ததில் எல்லாருக்கும் அத்தனை மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் விரல் தானாகவே அடுத்த பட்டனுக்குப் போய்விட்டது. "கட்ட வேண்டியது 85" என்று வாயால் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே 850 பொதிந்த கோட்டைத்தான் நான் காட்டியிருந்தேன். ரகசிய எண் கேட்கும் திரைவரை அனைவரும் போய்விட்டார்கள். ஒரே ஒருவர்தான் நடுவில் நின்றார், அதுவும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்காக.

அதன் பிறகு பாடத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். ஸ்கேனுக்குச் சில நிமிடங்கள் போதும். மீதி நேரம் முழுவதும் தொகையைப் பார்ப்பதற்குத்தான். கீழே இருப்பது அப்படி எடுக்கும் ஒரு மணி நேர வகுப்பின் உரை. உட்கார்ந்திருப்பவர்கள் நான்கைந்து பேருக்கு மேல் போனால் ஒவ்வொருவர் திரையையும் உங்களால் பார்க்க முடியாது, பார்க்காவிட்டால் இந்த வகுப்பு எடுத்தும் பயனில்லை. மேற்கோள் குறிக்குள் இருப்பவற்றை அப்படியே வாசிக்கலாம், உங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றியும் சொல்லலாம்.

வகுப்புக்கு முன்பு நீங்கள் செய்ய வேண்டியது

மூன்று கோடுகள் தயாராக இருக்க வேண்டும். மூன்றுமே உங்கள் கணக்குக்குப் பணம் வாங்கும் கோடுகள். ஒன்றில் தொகை இருக்காது. இன்னொன்றில் 85, மூன்றாவதில் 850. பெரும்பாலான பணச் செயலிகளில் பணம் பெறுவதற்கான பக்கத்தில் தொகையைச் சேர்த்துக் கோடு உருவாக்கும் வசதி இருக்கிறது. தொகை சேர்த்த கோடுகள் சில செயலிகளில் கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடும். அதனால் முந்தைய நாளே அச்சடித்து வைக்காமல், வகுப்பு அன்று உருவாக்கி ஒரு முறை நீங்களே ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொருவர் போனையும் வாங்கி இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, சிறு தொகைகளை ரகசிய எண் கேட்காமலே அனுப்பிவிடும் வசதி. சில செயலிகளில் அது இருக்கும், சிலரது போனில் அவர்களுக்கே தெரியாமல் யாரோ போட்டும் வைத்திருப்பார்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் பயிற்சியின்போதே நிஜப் பணம் போய்விடும். உரியவரிடம் சொல்லிவிட்டு அதை நிறுத்தி வையுங்கள். இரண்டாவது, எழுத்தின் அளவு. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் சில செயலிகளில் தொகையின் கடைசி இலக்கம் திரைக்கு வெளியே போய்விடுகிறது, அல்லது அடுத்த வரிக்கு இறங்கிவிடுகிறது. 850 என்பது 85 போலத் தெரிந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை. ஒரு பெரிய எண்ணைத் தட்டி, முழுவதும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

திரை அணையும் நேரத்தைக் கூட்டி வைப்பதும் நல்லது. அரை நிமிடத்தில் அணைந்துவிடும் திரை, நிதானமாகப் படிப்பவரை அவசரப்படுத்தும்.

கொஞ்சம் காகிதத் துண்டுகளும் தடித்த பேனாக்களும் வேண்டும். அவை எதற்கு என்பது பிறகு தெரியும்.

பணம் எந்த இடத்தில் போகிறது

வந்தவர்கள் போனைத் தொடவே பயப்படுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். எந்தத் தட்டில் பணம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் எல்லாத் தட்டும் ஒரே மாதிரி பயமாக இருக்கிறது. பாடத்தை இங்கிருந்து தொடங்குங்கள்.

"ஐயா, அம்மா, எல்லாரும் இந்தக் கட்டம் போட்ட படத்தைப் பாருங்கள். இது காகிதத்தில் எழுதிய எழுத்துதான். நாம் படிக்க அல்ல, கேமரா படிக்க எழுதியது. ஸ்கேன் செய்வது என்றால் அந்த எழுத்தைப் படிப்பது மட்டும்தான். படித்ததால் பணம் போகாது. அடுத்து யாருக்கு, எவ்வளவு என்று ஒரு திரை வரும். அதிலும் பணம் போகாது. கடைசியில் உங்கள் ரகசிய எண்ணைக் கேட்கும், அல்லது விரல் ரேகையைக் கேட்கும். அதைக் கொடுத்தால்தான் பணம் போகும். அதற்கு முன்பு எந்த இடத்திலும் நீங்கள் பின்னால் வந்துவிடலாம்."

இதைச் சொன்னதோடு விடக் கூடாது, செய்து காட்ட வேண்டும். உங்கள் போனில் ரகசிய எண் கேட்கும் திரைவரை போய், அங்கிருந்து பின்னால் வந்து, பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து பணம் எதுவும் போகவில்லை என்று காட்டுங்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு முறை அதுவரை போய்த் திரும்பி வரட்டும். திரும்பி வருவதுதான் இன்றைய பயிற்சியில் அதிக முறை செய்யப்போகும் வேலை. ஒரு பெரியவர் ஐந்தாறு முறை போய் வந்துவிட்டு, "வாசல் வரைக்கும் போய்விட்டு உள்ளே போகாமல் வருவது போலத்தான் இது" என்றார். அதையே இப்போது நானும் வகுப்பில் சொல்கிறேன்.

யாராவது ஒருவர், "அந்தக் கட்டத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது தம்பி?" என்று கேட்பார். கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடலாம். 1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கணக்கில் வைத்துக்கொள்ள உருவாக்கியது இது. பணம் கட்டும் கோடுகளுக்கு, அட்டை நிறுவனங்கள் சேர்ந்து வகுத்துப் பல நாடுகளில் பயன்படும் இஎம்வி முறையில், தொகை இருக்கும் இடம் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும்:

```
540585.00
5406850.00
```

முதல் வரியில் 54 என்றால் 'இது தொகை' என்று அர்த்தம். 05 என்றால் அடுத்து ஐந்து எழுத்துகள் வருகின்றன. அந்த ஐந்து எழுத்துகள் 85.00. இரண்டாவது வரியில் ஆறு எழுத்துகள், 850.00. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டையும் கட்டமாக அச்சடித்து அருகருகே வைத்தால் எது 85, எது 850 என்று உலகத்தில் யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கோட்டைப் பார்த்துத் தொகையைத் தெரிந்துகொள்ள வழியில்லை, திரையைத்தான் பார்க்க வேண்டும் என்பதை இந்த இரண்டு வரிகள் போல வேறெதுவும் விளக்குவதில்லை.

முதலில் சீட்டு, பிறகு போன்

இப்போது காகிதத் துண்டுகளைக் கொடுங்கள்.

"போனை எல்லாரும் கவிழ்த்து வையுங்கள். முதலில் என்னிடம் 'எவ்வளவு?' என்று கேளுங்கள். நான் 'எண்பத்தைந்து' என்பேன். அதைச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்த பிறகுதான் போனைத் திருப்ப வேண்டும்."

சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் தொகையைச் சரிபார்ப்பது என்றால் இரண்டு எண்களை ஒப்பிடுவது. ஒரு எண் திரையில் இருக்கும், இன்னொன்று எங்கே இருக்கிறது? முன்கூட்டியே கேட்டு மனத்தில் வைத்திருக்காவிட்டால் ஒப்பிட எதுவும் இல்லை. திரையில் வந்ததையே சரியான தொகை என்று மனம் ஏற்றுக்கொண்டுவிடும். என் முதல் வகுப்பில் நடந்தது இதுதான் என்று பின்னால்தான் புரிந்தது. நான் 85 என்று சொன்னதை அவர்கள் காதில் வாங்கினார்கள், ஆனால் கேமராவைச் சரியாகப் பிடிக்கும் முயற்சியில் அது மனத்தில் நிற்கவில்லை.

வெளியில் பணம் கட்டும்போது சீட்டு தேவையில்லை. வாயால் ஒரு முறை திருப்பிச் சொன்னால் போதும்: "எண்பத்தைந்துதானே?" எதிரில் இருப்பவர் ஆமாம் என்ற பிறகு போனை எடுக்கலாம். வகுப்பில் மட்டும் சீட்டு வேண்டும். ஏனென்றால் ஏமாற்றுத் தேர்வு ஒன்று பின்னால் வருகிறது.

ஸ்கேன் செய்வது

இது எளிது, சுருக்கமாக முடித்துவிடலாம்.

"செயலியைத் திறந்து ஸ்கேன் பட்டனைத் தட்டுங்கள். கட்டத்தின் மூன்று மூலைகளில் மூன்று பெரிய சதுரங்கள் இருக்கின்றன. மூன்றும் திரைக்குள் தெரிய வேண்டும். தெரிந்ததும் கையை அசைக்காமல் இருங்கள். பட்டன் எதையும் அழுத்த வேண்டாம், அதுவே படித்துக்கொள்ளும்."

பிடிபடவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது தூரத்தை. கிட்டத்தில் கொண்டுபோனால் நன்றாகத் தெரியும் என்று நினைத்துப் போனைக் கோட்டின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். அவ்வளவு கிட்டத்தில் கேமராவால் தெளிவாகப் பார்க்க முடியாது. கோட்டின் அகலத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் என்பது பொதுவான கணக்கு. மூன்று சென்டிமீட்டர் கோடு என்றால் முப்பது சென்டிமீட்டர், அதாவது ஒன்றரைச் சாண். அங்கிருந்து மெதுவாகக் கிட்டே கொண்டுவரச் சொல்லுங்கள். பளபளப்பான உறைக்குள் இருக்கும் கோட்டில் விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறித்தால் போனை லேசாகச் சாய்த்தால் போதும். கேமரா கண்ணாடியில் விரல் பட்டு மங்கியிருந்தால் துணியால் துடைத்தால் சரியாகிவிடும். கோட்டின் ஓரம் கொஞ்சம் கிழிந்திருப்பதைக் கண்டு பதற வேண்டாம், கொஞ்சம் சேதமானாலும் படிக்கும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

கிழிசலைவிடக் கவனிக்க வேண்டியது, கோட்டின் மேல் இன்னொரு கோடு ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது. மோசக்காரர்கள் அடுத்தவர் கோட்டின் மேல் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. விரலால் ஓரத்தைத் தடவினால் தெரிந்துவிடும். தெரியாமல் தப்பினாலும், அடுத்த திரையில் வரும் பெயர் காட்டிக்கொடுக்க வாய்ப்பு இருக்கிறது. "பெயர் சரிதானா?" என்று எதிரில் இருப்பவரிடம் திரையைக் காட்டிக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை என்று சொல்லுங்கள்.

தொகை கேட்கும் கோடு, தொகை சொல்லும் கோடு

ஸ்கேன் செய்ததும் வரும் திரை இரண்டு வகையாக இருக்கும். வகுப்பில் முதலில் தொகையில்லாத கோட்டைக் காட்டுங்கள், பிறகு 85 பொதிந்ததை.

"முதல் கோட்டில் தொகைக் கட்டம் காலியாக இருக்கிறது. நீங்கள்தான் எழுத வேண்டும். இதில் தவறு வந்தால் அது நம் விரலின் தவறு. இரண்டாவது கோட்டில் தொகை ஏற்கெனவே வந்துவிட்டது. இதில் தவறு வந்தால் அது எழுதியவரின் தவறு. ஆனால் எது வந்தாலும் பணம் நம்முடையது."

சுவரிலோ மேசையிலோ நிரந்தரமாக ஒட்டியிருக்கும் கோடு பெரும்பாலும் முதல் வகை. ஒவ்வொரு முறையும் புதிதாகத் திரையில் காட்டப்படுவதோ ரசீதில் அச்சாகி வருவதோ பெரும்பாலும் இரண்டாவது வகை. தொகை தானாகவே வந்துவிட்டால், கணினி போட்டது தவறாக இருக்காது என்று பெரியவர்கள் பலர் நம்பிவிடுகிறார்கள். அந்த எண்ணையும் ஒரு மனிதர்தான் அவசரத்தில் தட்டியிருப்பார் என்று சொல்லுங்கள். அது உடனே புரியும்.

இலக்கமாகப் படிக்காதீர்கள், சொல்லாகச் சொல்லுங்கள்

வகுப்பின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இதற்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள்.

திரையில் இருப்பதைப் படிக்கச் சொன்னால் எல்லாரும் இலக்கம் இலக்கமாகப் படிப்பார்கள். போன் நம்பர் சொல்லிப் பழகிய பழக்கம் அது. "எட்டு, ஐந்து, பூஜ்யம்." சீட்டில் 85 என்று இருக்கிறது. எட்டு வந்தது, ஐந்து வந்தது, சரி என்று மனம் தலையாட்டிவிடுகிறது, பூஜ்யம் யார் கண்ணிலும் உறுத்துவதில்லை. அதே எண்ணைச் சொல்லாகச் சொல்லச் சொன்னால் "எண்ணூற்று ஐம்பது" என்று வாய் திறக்கும்போதே தெரிந்துவிடும். எண்பதும் எண்ணூறும் காதுக்கு ஒன்றல்ல. கடன் பத்திரத்தில் தொகையை எண்ணாலும் எழுதி எழுத்தாலும் எழுதுகிறோமே, அதே காரணம்தான். இதைச் சொன்னால் வகுப்பில் பலர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் காலமெல்லாம் செய்த வேலை அது.

"திரையில் இருக்கும் தொகையைச் சத்தமாகச் சொல்லுங்கள். எட்டு ஐந்து என்று சொல்லக் கூடாது, எண்பத்தைந்து என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு சீட்டைப் பாருங்கள். இரண்டும் ஒரே சொல்லா?"

அடுத்தது புள்ளி. இதில்தான் உண்மையான குழப்பம் வரும், பொறுமையாகப் போங்கள். ஒரு காகிதத்தில் பெரிதாக மூன்று எண்களை எழுதிக் காட்டுங்கள்: 85, 85.00, 8500. முதல் இரண்டும் ஒன்றுதான், மூன்றாவது எண்ணாயிரத்து ஐந்நூறு. பார்வை மங்கியவருக்கு 85.00-இல் உள்ள புள்ளி தெரியாது, அவர் பயந்து போவார். மறுபக்கம், எல்லாத் தொகைக்கும் பின்னால் இரண்டு பூஜ்யம் இருக்கும் என்று பழகிவிட்டவர் 8500-ஐப் பார்த்தும் பயப்படமாட்டார். இவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர்.

"வலது பக்கத்திலிருந்து எண்ணாதீர்கள். முதலில் புள்ளியைத் தேடுங்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பதை மட்டும் சொல்லாகச் சொல்லுங்கள். புள்ளியே இல்லை என்றால் முழுவதையும் சொல்லுங்கள்."

சில செயலிகள் புள்ளிக்குப் பின்னால் உள்ள பூஜ்யங்களைச் சிறிய எழுத்தில் காட்டும், சில காட்டவே காட்டாது. பெரிய எண்களில் நடுவில் காற்புள்ளியும் வரும். காற்புள்ளிக்குக் கீழே சின்ன வால் இருக்கும், புள்ளிக்கு இருக்காது என்று சொல்லலாம். ஆனால் அந்த வாலைப் பார்க்க முடியாதவர்களுக்கு, தொகைமேல் இரு விரலை வைத்து விரித்துப் பெரிதாக்கும் வழியையோ, போனில் உள்ள திரைப் பெருக்கி வசதியையோ காட்டிக்கொடுங்கள். பணச் செயலிகள் எல்லாவற்றிலும் விரலால் விரிக்க முடியாது. திரைப் பெருக்கி போனின் அமைப்புகளில் இருப்பதால் அது பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஒரு சம்பவம், விரிவாக

ஒரு வகுப்பில் ஓர் அம்மா இருந்தார். வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதியவர், எண்களில் தடுமாறுபவர் அல்ல. சீட்டில் 85 என்று அழகாக எழுதியிருந்தார். தொகையில்லாத கோட்டை ஸ்கேன் செய்தார், தொகைக் கட்டத்தில் தட்டத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். 8, 5, 0, 0 என்று நான்கு முறை தட்டினார். திரையில் 8500.

"அம்மா, எவ்வளவு போட்டீர்கள்?"

"எண்பத்தைந்துதான் தம்பி."

"திரையில் இருப்பதைச் சொல்லுங்கள்."

"எண்பத்தைந்து" என்றார், திரையைப் பார்த்தபடியே. பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

பேசிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. அவர் வேறொரு இடத்தில், அட்டை தேய்க்கும் இயந்திரத்தில் ஊழியர் தொகையைத் தட்டுவதைப் பலமுறை கவனித்திருக்கிறார். அந்த இயந்திரங்களில் புள்ளிப் பட்டன் இல்லாத வகை உண்டு. கடைசி இரண்டு இலக்கங்களைச் சில்லறையாக அதுவே எடுத்துக்கொள்ளும். 8500 என்று தட்டினால் 85.00 என்று வரும். சில செயலிகளிலும் இதே முறை இருக்கிறது. வேறு பல செயலிகளில் தட்டியது தட்டியபடியே நிற்கும், 8500 என்றால் எண்ணாயிரத்து ஐந்நூறுதான். அம்மா ஒரு முறையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு இன்னொரு முறையில் பயன்படுத்தினார். அவர் செய்தது மறதியோ தடுமாற்றமோ அல்ல. கவனித்துக் கற்றவருக்கு வரும் தவறு இது.

அவரைத் திருத்தியது சொல்லும் பயிற்சிகூட அல்ல, ஏனென்றால் அவர் எண்ணைப் பார்க்காமல் மனத்தில் இருந்ததையே சொன்னார். நான் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி மறைத்துவிட்டு, போனைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்து, "இது எவ்வளவு?" என்று கேட்டேன். அவர், "எண்ணாயிரத்து ஐந்நூறு" என்றார். அம்மா உடனே போனைப் பிடுங்கிப் பார்த்தார்.

அன்றிலிருந்து இரண்டு மாற்றங்கள் செய்தேன். தொகையைச் சொல்லும் பயிற்சியை இருவர் இருவராகச் செய்ய வைக்கிறேன். ஒருவர் தட்டுவார், எதிரில் இருப்பவர் சீட்டைப் பார்க்காமல் திரையைச் சொல்வார். இன்னொன்று, ஒவ்வொருவரையும் அவரவர் செயலியில் தொகைக் கட்டத்தில் 5 என்று மட்டும் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன். திரையில் 5 என்று வந்தால் தட்டியது அப்படியே நிற்கும் செயலி. 0.05 என்று வந்தால் சில்லறைக்கு இடம்விடும் செயலி. அரை நிமிட வேலை, ஆனால் அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்காது. செயலியை மாற்றினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும் என்று சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தட்டும்போது வரும் இன்னொரு தொல்லை, ஒரே எண் இரண்டு முறை விழுவது. கை நடுங்குபவர்களுக்கு 85 என்பது 855 ஆகிவிடும். வயதான விரல் நுனி உலர்ந்திருந்தால் முதல் தட்டு பதியாது, அவர்கள் பலமாக அழுத்துவார்கள், பிறகு இரண்டு முறை அழுத்துவார்கள். போனை மேசையில் வைத்துவிட்டு ஒற்றை விரலால் தட்டினால் இது வெகுவாகக் குறையும். கையில் பிடித்துக்கொண்டே கட்டைவிரலால் தட்டுவது இளைஞர்களின் வழக்கம், அதைக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

கடைசித் திரையில் ஒரு முறை கூட

ரகசிய எண் கேட்கும் திரையிலும் தொகை வரும், பெரும்பாலும் மேலே, சிறிய எழுத்தில். கண் எண் பலகையைத் தேடிக் கீழே போய்விடுவதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. முந்தைய திரையில் பார்த்தாயிற்றே, மறுபடி எதற்கு என்று கேட்பார்கள். இடையில் கட்டணமோ அன்பளிப்போ சேர்ந்து தொகை கூடியிருக்கலாம். கை தவறி வேறு எதையாவது தொட்டிருக்கலாம்.

"ரகசிய எண் கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள். மேலே பாருங்கள். தொகையை ஒரு முறை சொல்லுங்கள். அதோடு, திரை என்ன செய்யச் சொல்கிறது என்றும் படியுங்கள். செலுத்து, அனுப்பு என்று இருந்தால் உங்கள் பணம் வெளியே போகிறது."

இந்தக் கடைசி வாக்கியத்துக்குக் காரணம் இருக்கிறது. "உங்களுக்குப் பணம் வரவேண்டியிருக்கிறது, இந்தக் கோட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் வந்துவிடும்" என்று போனில் அழைத்துச் சொல்லும் மோசடி பரவலாக இருக்கிறது. அங்கே தொகை சரியாகவே இருக்கும். அழைத்தவர் தருவதாகச் சொன்ன தொகைதான் திரையில் வரும், அதனால் தொகையை மட்டும் சரிபார்ப்பவர் ஏமாந்துவிடுவார். போகும் திசைதான் தவறு. அடுத்தவர் கோட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைத் தந்தால் பணம் போகும், வராது என்று இந்த இடத்தில் அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு நிலைமையும் உண்டு. சில இடங்களில் நாம் ஸ்கேன் செய்வதில்லை, நம் போனில் உள்ள கோட்டை அவர்கள் ஸ்கேன் செய்கிறார்கள். அப்போது தொகையை அவர்கள்தான் போடுகிறார்கள். நம் திரையில் ஒப்புதல் கேட்காமலே முடிந்துவிடவும் கூடும். பார்த்துச் சொல்ல நமக்கு இடமே இல்லாத அந்த முறையை முதல் வகுப்பில் நான் சேர்ப்பதில்லை.

ஏமாற்றுத் தேர்வு

வகுப்பு முடியும் நேரத்தில், சொல்லாமல் வையுங்கள். முதலில் 85 என்று சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். 85 கோட்டை இரண்டு பேருக்குக் காட்டுங்கள், மற்றவர்களுக்கு 850 கோட்டை. முகத்தில் எதையும் காட்டாதீர்கள், அவசரமும் கொஞ்சம் படுத்துங்கள்: "சீக்கிரம் ஐயா, பின்னால் ஆள் நிற்கிறார்கள்." வெளியில் நடப்பதும் அதுதான். அவசரத்தில்தான் விரல் முந்திக்கொள்ளும்.

ரகசிய எண் திரையில் யார் எண்ணைப் போடப் போனாலும் கையைப் பிடித்து நிறுத்திவிடுங்கள், இது முக்கியம். ஏற்கெனவே பணம் போய்விட்டால் அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டு, பட்டியலில் இரண்டும் வந்திருப்பதைக் காட்டுங்கள். சரியான 85 வந்தவரும் நிறுத்திச் சந்தேகப்பட்டால் அதற்காகத் திருத்தாதீர்கள், "சொல்லிப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். அவரே சொல்லிவிட்டுத் தொடரட்டும்.

நிறுத்தியவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். பின்னால் வந்து, எதிரில் இருப்பவரிடம் திரையில் வந்த தொகையைச் சொல்லிக் கேட்பதுதான் அது. "எண்பத்தைந்து என்றீர்கள், இதில் எண்ணூற்று ஐம்பது என்று வருகிறது." இந்த வாக்கியத்தையும் சத்தமாகச் சொல்லிப் பழக வையுங்கள். திரையைப் படிப்பதைவிட இதற்குத்தான் பலர் அதிகம் தயங்குகிறார்கள்.

சுழன்றுகொண்டே இருந்தால்

ரகசிய எண்ணைப் போட்ட பிறகு திரை சுழன்றுகொண்டே நின்றுவிட்டால், மறுபடி ஸ்கேன் செய்யக் கூடாது. பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். வெற்றி என்று இருந்தால் முடிந்துவிட்டது. தோல்வி என்று இருந்தால் மறுபடி செய்யலாம். நிலுவை என்று இருந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பின்னால் அந்தப் பணமும் போய்ச் சேர்ந்தால் திருப்பித் தரும்படி பேசிக்கொள்ள வேண்டும். பட்டியலைத் திறக்கும் இடத்தை ஒவ்வொருவர் போனிலும் காட்டி, அவரே ஒரு முறை திறந்து காட்டும்வரை நகராதீர்கள்.

ஒரு வாரம் கழித்து அதே ஆட்களை வைத்து அரை மணி நேரம் மறுபடி எடுங்கள். அப்போது 85 வேண்டாம். 140, 104 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கமாகப் படிப்பவர்கள் இவற்றில் தடுமாறுவார்கள். நூற்று நாற்பது, நூற்று நான்கு என்று சொல்பவர்கள் தடுமாறமாட்டார்கள்.